வாசலில் ஒரு தமிழ், நடுவீட்டில் ஒரு தமிழ்

பேரூராட்சி அலுவலகத்துக்கு எழுதும் குடிநீர் மனுவை எடுத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் எந்த ஊரிலும் யாராவது ஒருவர் இப்படி ஒரு மனுவை எழுதிக்கொண்டுதான் இருப்பார். இந்தக் கட்டுரைக்காக எழுதிப் பார்த்த மாதிரி இது. ஆனால் மனு எழுதிப் பழகிய எவருக்கும் இதன் சாயல் தெரிந்ததாகவே இருக்கும்.

"ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் கடந்த 12 ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்க தெருவுல 10 நாளா தண்ணி வரல. மெயின் குழாய் மூணு இடத்துல உடைஞ்சு தண்ணி எல்லாம் சாக்கடைக்கு போகுது. போன வாரம் நேர்ல வந்து உங்க ஆபீஸ்ல இருந்த அம்மாகிட்ட சொன்னேன். அவங்க ஆள் அனுப்புறேன்னு சொன்னாங்க. இதுநாள் வரை எவரும் வந்து பார்வையிடவில்லை. வயசானவங்க குடத்தை தூக்கிக்கிட்டு அடுத்த தெருவுக்கு நடக்க வேண்டியிருக்கிறது. ரெண்டு பேர் வழுக்கி விழுந்துட்டார்கள். ஆகவே தாங்கள் இதுகுறித்து உடனடி நடவடிக்கை எடுத்து குடிநீர் வழங்கிட ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். இங்ஙனம்…"

படிப்பவருக்கு விஷயம் புரிந்துவிடுகிறது. ஆனாலும் எங்கோ உறுத்துகிறது. முதல் வரியில் வேட்டி சட்டையோடு நின்ற ஆள் இரண்டாம் வரியில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்கிறார்; கடைசி வரியில் மறுபடியும் கைகூப்பி நிற்கிறார். எழுதியவருக்குத் தமிழ் தெரியாததால் வந்தது அல்ல இது. அவருக்கு இரண்டு தமிழ் தெரியும். இரண்டும் ஒரே தாளில் இறங்கிவிட்டன.

இந்தக் கலப்பு எங்கே நேர்கிறது என்று பார்த்தால் அதில் ஓர் ஒழுங்கு தெரியும். தொடக்கமும் முடிவும் எழுத்துத் தமிழில் இருக்கின்றன. நடுப்பகுதி பேச்சுத் தமிழில் இருக்கிறது. காரணம் எளிது. "மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்", "பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்" ஆகிய இரண்டும் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றபோது மனப்பாடமானவை. கை தானாக எழுதிவிடும். நடுவில் சொல்ல வேண்டிய செய்தி மட்டும் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. பத்து நாள் தண்ணீர் வராத கதையை அவர் இதுவரை வாயால்தான் சொல்லியிருக்கிறார்: பக்கத்து வீட்டில், டீக்கடையில், போனில். அந்த வாய்மொழியே தாளிலும் இறங்குகிறது.

தமிழைப் பொறுத்தவரை இது எல்லாருக்கும் பொதுவான நிலை. எழுத்துத் தமிழை வீட்டில் தாய்மொழியாகப் பேசி வளர்ந்தவர் எவரும் இல்லை. பேராசிரியரும் வீட்டில் "சாப்பாடு ஆச்சா" என்றுதான் கேட்பார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து, செந்தமிழுக்கு ஓர் இலக்கணமும் பேச்சு வழக்கான கொடுந்தமிழுக்கு வேறோர் இலக்கணமும் இலத்தீனில் தனித்தனியே எழுதினார். கொடுந்தமிழ் இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அச்சிட்டவர்கள் லூத்தரன் சபையார். கத்தோலிக்கத் துறவியான வீரமாமுனிவரோடு சமயத்தில் கடுமையாக மோதியவர்கள். சண்டைக்காரர் எழுதிய புத்தகத்தையே அச்சிட வேண்டிய அளவுக்கு, ஊரில் பேசும் தமிழுக்குத் தனி இலக்கணம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

மனுவுக்கு வருவோம். இதைச் சீராக்க உட்காருகிறவர்கள் முதலில் செய்வது சொற்களை மாற்றுவது. "ஆபீஸ்" கொச்சை என்று "அலுவலகம்" ஆக்குவார்கள். "மெயின் குழாய்" கூடாது என்று "பிரதானக் குழாய்" என்பார்கள். "சாக்கடை" நன்றாக இல்லை என்று "கழிவுநீர்க் கால்வாய்" போடுவார்கள். பிறகு படித்துப் பார்த்தால் "எங்க தெருவுல பிரதானக் குழாய் உடைஞ்சு கழிவுநீர்க் கால்வாய்க்கு போகுது" என்று நிற்கும். முன்னைவிட மோசம். ஏனென்றால், ஒரு வாக்கியம் பேச்சா எழுத்தா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பெயர்ச்சொல் அல்ல, சொல்லின் வால்தான். வினையின் முடிவும் வேற்றுமை உருபும் மாறினால் நடை மாறிவிடும். "எங்கள் தெருவில் மெயின் குழாய் உடைந்து, தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது" என்று எழுதினால், மெயினும் சாக்கடையும் இருந்த இடத்திலேயே இருக்க, வாக்கியம் முழுக்க எழுத்துத் தமிழாகிவிடுகிறது. கடினமான ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை.

ஆகவே திருத்த உட்காருகிறவர் பென்சிலை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லை மட்டும் வட்டமிட வேண்டும். முற்றாக முடிகிற வினை, நடுவில் எச்சமாக நிற்கிற வினை இரண்டையும். நம் மனுவில் வட்டத்துக்குள் வருபவற்றில் முக்கியமானவை: வசித்து வருகிறேன், வரல, உடைஞ்சு, போகுது, வந்து, சொன்னேன், அனுப்புறேன்னு, சொன்னாங்க, பார்வையிடவில்லை, தூக்கிக்கிட்டு, நடக்க வேண்டியிருக்கிறது, வழுக்கி, விழுந்துட்டார்கள், கேட்டுக்கொள்கிறேன். இப்படிப் பிரித்து வரிசையாக வைத்துப் பார்த்தாலே எது எந்தத் தமிழ் என்று கண்ணுக்குத் தெரிந்துவிடும். "வந்து", "சொன்னேன்", "வழுக்கி" மூன்றும் இரண்டுக்கும் பொது, தொட வேண்டாம். மற்றவற்றில் பேச்சு எவை என்பதைப் பள்ளிப் பிள்ளையும் சொல்லும்.

ஒன்று மட்டும் கொஞ்சம் ஏமாற்றும். "விழுந்துட்டார்கள்" என்பதைப் பாருங்கள். முடிவில் "ஆர்கள்" என்று எழுத்துத் தமிழ் விகுதி இருப்பதால் சரியாக இருப்பதுபோல் தோன்றும். நடுவில் இருக்கிற "ட்ட்" பேச்சுத் தமிழ். "விழுந்துவிட்டார்கள்" என்பதில் "விடு" என்ற துணைவினை முழுசாக நிற்கிறது. பேச்சில் அதன் "வி" தேய்ந்து "விழுந்துட்டாங்க" ஆகிறது. எழுதியவர் கடைசித் துண்டை மட்டும் திருத்திவிட்டு நடுத்துண்டை விட்டுவிட்டார். ஒரே சொல்லுக்குள் இரண்டு நடை. "சொல்லிக்கிட்டிருக்கிறார்கள்", "போயிடுகிறது", "வாங்கிட்டேன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்" எல்லாம் இந்த வகைதான். துணைவினைகளான விடு, கொள் இரண்டும்தான் பேச்சில் மிகவும் தேய்கின்றன: விடு என்பது "டு" ஆகும், கொண்டு என்பது "கிட்டு" ஆகும். வட்டமிட்ட வினைகளில் நடுவயிற்றில் "ட்ட்", "கிட்டு" இருக்கிறதா என்று தனியாக ஒரு முறை பார்ப்பது நல்லது.

பேச்சு வடிவத்தை இயந்திரம் போல மாற்றவும் முடியாது. "ஆச்சு", "போச்சு" இரண்டுக்கும் எழுத்தில் "ஆயிற்று", "போயிற்று" உண்டு. அதே கணக்கில் "வந்துச்சு" என்பதற்கு "வந்துற்று" என்று யாராவது எழுதினால் அப்படி ஒரு சொல்லே தமிழில் இல்லை. "வந்தது" என்பதுதான் அதன் எழுத்து வடிவம். ஆச்சு, போச்சு என்ற பழக்கத்தில் பேச்சுவழக்கு அந்தச் "சு"வை மற்ற வினைகளுக்கும் நீட்டிக்கொண்டது. "படிச்சான்", "அடிச்சான்" என்ற சொற்களில் "ச்ச" இருந்த இடத்தில் எழுத்தில் "த்த" வரும். ஆனால் "பச்சை"யில் உள்ள "ச்ச" பிறந்ததிலிருந்தே "ச்ச"தான். திருத்தும் வேகத்தில் சரியாக இருப்பதையும் திருத்திவிடக் கூடாது. பேச்சில் "இடம்" என்பது "எடம்" ஆகிறது. அதனால் "எ"யில் தொடங்குவதெல்லாம் கொச்சை என்று நினைத்து, மூட்டையின் "எடை"யை "இடை" என்று மாற்றினால் மூட்டைக்கு இடுப்பு வந்துவிடும்.

வினைக்குப் பிறகு உருபுகள். "தெருவுல" என்பது "தெருவில்". "அம்மாகிட்ட" என்பது "அம்மாவிடம்". "என்கூட" என்பது "என்னுடன்". "வீட்லேருந்து" என்பது "வீட்டிலிருந்து". இவை எளிதில் கண்ணில் படும். படாதது "ஐ". பேச்சில் "தண்ணிய பிடிக்க" என்கிறோம். அங்கே "ஐ" வெறும் "அ"வாகத் தேய்ந்திருக்கிறது. அதை "தண்ணீரை" என்று நிமிர்த்தியதும் அடுத்த சொல்லுக்கு ஒற்று வேண்டும்: "தண்ணீரைப் பிடிக்க". மனுவில் "குடத்தை தூக்கி", "சாக்கடைக்கு போகுது" இரண்டிலும் உருபு சரியாக இருந்தும் ஒற்று விழவில்லை. ஐ, கு ஆகிய இரண்டு உருபுகளுக்குப் பின் க, ச, த, ப வந்தால் ஒற்று போட வேண்டும் என்ற ஒரே விதியை நினைவில் வைத்தால், சாதாரணக் கடிதத்தில் விடுபடும் ஒற்றுகளில் பெரும்பகுதி சரியாகிவிடும்.

இனி இந்த மனுவிலேயே கவனமாகப் பார்க்க வேண்டிய இடம்: "அவங்க ஆள் அனுப்புறேன்னு சொன்னாங்க."

பேச்சில் "அவங்க" என்பது ஒருவராகவும் இருக்கலாம், பலராகவும் இருக்கலாம். அம்மாவும் "வந்தாங்க"தான், பத்து விருந்தாளிகளும் "வந்தாங்க"தான். நேரில் பேசும்போது குழப்பம் இல்லை. யாரைப் பற்றிய பேச்சு என்பது இருவருக்கும் தெரியும். எழுதும்போது இந்தச் சொல்லை அப்படியே "அவர்கள் ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள்" என்று நிமிர்த்தினால், படிக்கும் அலுவலர் "யார் அவர்கள்? எத்தனை பேர்?" என்று யோசிப்பார். மனு எழுதியவர் பார்த்தது ஒரே ஒரு பெண் ஊழியரை. எழுத்துத் தமிழில் மரியாதைக்குரிய ஒருவருக்கு "அவர்… சொன்னார்" என்பதே போதும். "ஆர்" விகுதியிலேயே மரியாதை இருக்கிறது. பலர் இங்கே தயங்குவார்கள். வீட்டில் அம்மாவை "வந்தாங்க" என்று சொல்லிப் பழகியவர்களுக்கு "அம்மா வந்தார்" என்பது மட்டம் தட்டுவதுபோல் கேட்கிறது. எழுத்தில் அது மட்டமில்லை. "வந்தார்கள்" என்று எழுதினாலும் தவறில்லை. ஆனால் ஒரே கடிதத்தில் ஓரிடத்தில் "வந்தார்", இன்னோரிடத்தில் "வந்தார்கள்" என்று அதே ஆளுக்கு எழுதினால், இரண்டு ஆட்கள் என்று படிப்பவர் நினைக்க நேரும்.

"அனுப்புறேன்னு" என்பதிலும் ஒரு வேலை இருக்கிறது. "என்று" என்பது பேச்சில் தேய்ந்து "ன்னு" என ஒட்டிக்கொள்கிறது. "அனுப்புகிறேன் என்று சொன்னார்" என்று நேராக மாற்றலாம். அல்லது "அனுப்புவதாகச் சொன்னார்" என்று பிறர் கூற்றாக்கலாம். மனுவுக்கு இரண்டாவது நன்றாகப் பொருந்தும். சொன்னது யார், அனுப்புவது யார் என்பதில் குழப்பம் வராது.

இங்கே ஒரு பயன் கூடவே கிடைக்கிறது. நடையைச் சீராக்கும்போது விடுபட்ட செய்திகள் வெளியே தெரிகின்றன. "போன வாரம்" என்று பேச்சில் சொன்னால் போதும். கேட்பவர் அதே வாரத்தில் இருக்கிறார். மனு மேசையில் எத்தனை நாள் கிடக்குமோ தெரியாது. அங்கே தேதிதான் வேண்டும். "அம்மாகிட்ட" என்றால் நேரில் கையைக் காட்டலாம். தாளில் அவர் எந்தப் பிரிவில் இருந்தவர் என்று எழுத வேண்டும். "மூணு இடத்துல" என்றால் எந்த எந்த இடம்? பேச்சுத் தமிழ், எதிரே நிற்கும் ஆளின் முகத்தையும் சுற்றியிருக்கும் இடத்தையும் நம்பி நடக்கிற தமிழ். எழுத்துக்கு அந்தத் துணை கிடையாது.

அடுத்தது விளிப்பு. மனுவில் "உங்க ஆபீஸ்" என்று ஒரு முறை, "தாங்கள்" என்று ஒரு முறை. "தாங்கள்", "தங்கள்" என்று தொடங்கினால் இறுதிவரை அப்படியே இருக்க வேண்டும். "நீங்கள்", "உங்கள்" என்றால் அதுவே போதுமான மரியாதை. எதைத் தேர்ந்தாலும் சரி, இடையில் மாறக் கூடாது. இன்றைய கடிதங்களுக்கு "உங்கள்" என்பதே நல்லது என்பது இந்தக் கட்டுரையாளரின் எண்ணம். "தாங்கள்" என்று தொடங்கியவரின் கை, நாலாவது வரியில் பழக்கத்தால் "உங்கள்" என்று வழுக்குவதே வழக்கம்.

மறுபக்கத்திலும் ஒரு வழுக்கல் இருக்கிறது. நடுப்பகுதி தரையில் கிடப்பதைப் பார்த்து, கடைசி வரி வேண்டிய உயரத்தைத் தாண்டி எகிறிவிடுகிறது: "குடிநீர் வழங்கிட ஆவன செய்யுமாறு பணிவன்புடன்." சுவரொட்டியிலும் தீர்மானத்திலும் வரும் "வழங்கிட", "நிறைவேற்றிட" போன்ற வடிவங்களும், "எவரும் பார்வையிடவில்லை" போன்ற தொடர்களும் தவறில்லை, ஆனால் "தண்ணி வரல"க்குப் பக்கத்தில் அவை வந்தால் இடைவெளி இரண்டு மடங்காகத் தெரியும். எழுத்துத் தமிழுக்குள்ளேயே படிகள் இருக்கின்றன. "இருக்கிறது", "உள்ளது", "இருக்கின்றது" மூன்றும் எழுத்துத் தமிழ்தான். மூன்றும் ஒரே படியில் இல்லை. நடுப்படியில் நின்றுகொண்டு "தரும்படி கேட்டுக்கொள்கிறேன்" என்று முடித்தால் போதும்.

ஒரு சொல் எந்தப் படி என்று சந்தேகம் வந்தால், 1992இல் முதலில் வந்த 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' கைகொடுக்கும். பேச்சில் மட்டும் வழங்கும் சொல்லுக்கு "பே.வ." என்றும், உயர்ந்த நடைக்குரிய சொல்லுக்கு "உ.வ." என்றும் அதில் குறிப்பு இருக்கும். இரண்டு குறிப்பும் இல்லாத சொல் நடுப்படியில் தைரியமாக நிற்கும். சந்தேகப்படத் தேவையில்லாத சொற்களையும் பலர் ஒதுக்குகிறார்கள். "பண்ணு" என்பதைக் கொச்சை என்று நினைத்து எல்லா இடத்திலும் "செய்" என்று மாற்றுகிறவர்கள் உண்டு. பழைய பக்தி இலக்கியத்திலேயே இருக்கிற வினை அது. "பண்ணுச்சு" என்பதில் பேச்சாக இருப்பது "உச்சு" மட்டுமே.

திருத்திய மனு இப்படி வரும்:

"ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில் 12 ஆண்டுகளாக வசித்து வருகிறேன். எங்கள் தெருவில் 10 நாட்களாகத் தண்ணீர் வரவில்லை. பள்ளிக்கூடத்துக்கு எதிரிலும், கோயில் முனையிலும், எங்கள் வீட்டு வாசலிலுமாக மெயின் குழாய் மூன்று இடங்களில் உடைந்து, தண்ணீர் முழுவதும் சாக்கடைக்குப் போகிறது. கடந்த 14ஆம் தேதி உங்கள் அலுவலகத்துக்கு நேரில் வந்து, குடிநீர்ப் பிரிவில் இருந்த பெண் ஊழியரிடம் இதைச் சொன்னேன். ஆள் அனுப்புவதாக அவர் சொன்னார். இதுவரை யாரும் வந்து பார்க்கவில்லை. வயதானவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடக்கிறார்கள். இரண்டு பேர் வழுக்கி விழுந்துவிட்டார்கள். குழாயை உடனே சரிசெய்து, தண்ணீர் கிடைக்கச் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்."

இதில் பண்டிதச் சொல் ஒன்றும் இல்லை. பேசியவரின் குரலும் போகவில்லை. குடம், சாக்கடை, வழுக்கி விழுந்தது எல்லாம் அப்படியே இருக்கின்றன.

அதே ஆள் அன்று ராத்திரி வெளியூரில் இருக்கும் அக்காவுக்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இப்போது கணக்கு தலைகீழ். "அக்கா, இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். தெருவுல பத்து நாளா தண்ணி இல்ல. அம்மா குடத்தத் தூக்கிக்கிட்டுப் போறேன்னு அடம் பிடிக்கிறாங்க. நாங்கள் மிகவும் சிரமப்படுகிறோம். நீ எப்ப வர்ற?" இதில் துருத்திக்கொண்டு நிற்பது எழுத்துத் தமிழ் வாக்கியம்தான். உடன்பிறந்தவளிடம் திடீரென்று "சிரமப்படுகிறோம்" என்றால், தம்பிக்கு ஏதோ மனத்தாங்கல், விலகி நின்று பேசுகிறான் என்று அக்காவுக்குத் தோன்றும். வீட்டில் கோபம் வந்தால் "நான் வரவில்லை" என்று நிமிர்ந்து பேசுவது பலருக்கும் வழக்கம். அந்த ஒலி கடிதத்தில் தெரியாமல் விழுந்துவிடக் கூடாது. "ரொம்பக் கஷ்டமா இருக்கு" என்று எழுதினால் கடிதம் ஒரே குரலில் நிற்கும். "அன்புள்ள அக்காவுக்கு, நலம், நலமறிய ஆவல்" என்ற தலைப்பு வரி மட்டும் விதிவிலக்கு. அது வாசற்கோலம் போல. உள்ளே என்ன தமிழ் இருந்தாலும் உறுத்தாது.

பேச்சுத் தமிழில் எழுதுவது சுலபம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அதற்குத்தான் ஊரறிந்த எழுத்துக்கூட்டல் கிடையாது. "வரல", "வரலை", "வரல்ல" மூன்றும் ஒரே சொல். "வரேன்", "வர்றேன்", "வாரேன்" மூன்றும் ஒரே சொல். ஒரே கடிதத்தில் மூன்றையும் கலந்து போட்டால் கண் தடுக்கும். ஒன்றைத் தேர்ந்து அதிலேயே நிற்க வேண்டும். வாயில் வருவதை எல்லாம் எழுத்தில் காட்டவும் வேண்டாம். "அவன் வந்தான்" என்பதைப் பேச்சில் சொல்லும்போது கடைசி "ன்" முழுதாக ஒலிப்பதில்லை, மூக்கொலியாகக் கரைந்துவிடுகிறது. அதை அப்படியே எழுதிக் காட்டுகிறேன் என்று "ன்" இல்லாமல் "அவ" என்று எழுதினால் படிப்பவர் "அவள்" என்று எடுத்துக்கொள்வார். ஆண் பெண்ணாகிவிடுவார். "மரம்", "படம்" இவற்றின் கடைசி "ம்" கதையும் இதுவே. வாயில் கரைந்தாலும் தாளில் இருக்கட்டும். "எடம்", "ஒடம்பு" என்றும் எழுத வேண்டியதில்லை. "இடத்துல", "உடம்புக்கு முடியல" என்று எழுதினாலே படிப்பவரின் வாய் தானாக "எடத்துல", "ஒடம்புக்கு" என்று படித்துக்கொள்ளும். இங்கும் சொல்லின் வால் மட்டும் பேச்சாக இருந்தால் போதும்.

எந்த ஊர்ப் பேச்சு என்பதும் உண்டு. மதுரைப் பக்கம் "வந்தாக", நெல்லைப் பக்கம் "வந்தாவ". யாழ்ப்பாணத்தில் "அவை வந்தவை" என்றால் அவர்கள் வந்தார்கள் என்று பொருள். அதையே எழுத்துத் தமிழாகப் படித்தால் "வந்த பொருட்கள்" என்றாகிவிடும். யாழ்ப்பாணத்து அத்தை சென்னை மருமகளுக்கு "கலியாணத்துக்கு எல்லாரும் வந்தவை" என்று எழுதினால், மருமகளுக்கு ஒரு கணம் சீர்வரிசைத் தட்டுகள் நினைவுக்கு வரலாம். ஊர்ப்பேச்சில் எழுதும் கடிதம் அந்த ஊர்ப்பேச்சு தெரிந்தவருக்குப் போகும்போது இனிக்கும். வேறு ஊருக்குப் போகும் கடிதத்தில் இப்படிப்பட்ட ஓரிரு வடிவங்களை மட்டும் பார்த்து மாற்றினால் நல்லது.

எழுத்துத் தமிழ்க் கடிதத்துக்குள் பேச்சுத் தமிழ் உரிமையோடு வந்து உட்காரும் இடம் ஒன்று உண்டு: மேற்கோள் குறிக்குள். கதைகளில் விவரிப்பு ஒரு தமிழிலும் உரையாடல் இன்னொரு தமிழிலும் வருவதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். புகார்க் கடிதத்துக்கு இது இன்னும் முக்கியம். ஒருவர் மிரட்டினார் என்று புகார் கொடுக்கும்போது, அவர் வாயிலிருந்து வந்த சொல்லே முக்கியமான செய்தி. "இங்க வந்தா கால ஒடச்சிருவேன்" என்று சொன்னதை "இங்கு வந்தால் காலை உடைத்துவிடுவேன் என்று கூறினார்" என நாகரிகப்படுத்தினால், என்ன சொன்னார் என்பதற்குப் பதில் என்ன சொல்லியிருக்கலாம் என்பதாகிவிடும். மேற்கோள் குறி போட்டு, சொன்னபடியே எழுதி, குறியை மூடிவிட்டு, "என்று கூறினார்" என்று மறுபடியும் எழுத்துத் தமிழுக்கு வர வேண்டும். மேலே "எடம்", "ஒடம்பு" வேண்டாம் என்றது சொந்தக் குரலில் எழுதும் கடிதத்துக்கு. பிறர் சொன்னதைச் சான்றாக வைக்கும் இந்த இடத்தில் "ஒடச்சிருவேன்" என்பதில் கை வைக்கக் கூடாது.

திருத்தி முடித்த பிறகு ஒரு முறை வாய்விட்டுப் படிக்க வேண்டும். கண் பழக்கத்தில் தாண்டிவிடுவதைக் காது பிடித்துக்கொள்ளும். "இருக்கிறது" என்று மூன்று வரி படித்த வாய் அடுத்த வரியில் "இருக்கு" என்று வந்தால் தானாகத் தடுமாறும். பன்மையும் அப்போது அகப்படும். பேச்சில் குழாய் ஒன்றானாலும் பத்தானாலும் "உடைஞ்சு போச்சு"தான். அந்தப் பழக்கத்தில் "குழாய்கள் உடைந்துள்ளது" என்று எழுதியிருப்போம். பெயரில் "கள்" போட்டால் வினையும் "உடைந்துள்ளன" என்று மாற வேண்டும். அது கனமாகத் தோன்றினால் "குழாய் மூன்று இடங்களில் உடைந்துள்ளது" என்று ஒருமையிலேயே வைத்துக்கொள்ளலாம். நம் மனுவில் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

இவ்வளவும் முடிந்து, கையெழுத்தும் போட்டு, உறைக்குள் வைக்கப் போகும் நேரத்தில் ஏதோ விட்டுப்போனது நினைவுக்கு வந்து அடியில் ஒரு வரி சேர்ப்பார்கள்: "பி.கு.: எப்ப ஆள் வருவாங்கன்னு போன் பண்ணி சொன்னா வீட்ல இருப்பேன்." கடிதம் முழுக்கச் சீராக இருந்தும் இந்த ஒரு வரி தப்பித்துவிடுவது உண்டு, ஏனென்றால் திருத்தும் கண் அதற்கு முன்பே ஓய்ந்திருக்கும். உறையை ஒட்டும் முன் பென்சிலை இன்னொரு முறை எடுத்து இதிலும் வட்டமிட்டால் வருவாங்கன்னு, பண்ணி, சொன்னா, இருப்பேன் என்று நான்கு வரும். "பி.கு.: ஆள் எப்போது வருவார் என்று போன் செய்து சொன்னால் வீட்டில் இருப்பேன்."